இரண்டு தாளில் ஒரு வாக்கு

பத்திர எழுத்தர் வல்லிநாயகம் பிள்ளை இருபத்திரண்டு வருஷ காலத்தில் தென்காசி வட்டாரத்தில் பாதிப் பேருக்கு நிலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் காகிதத்தில்தான். தமக்கென்று அவர் வைத்திருந்த ஸ்தாவர சொத்து ஒரு சாய்வுப் பெட்டியும் அதன் கீழே விரிக்கிற கோரைப்பாயும். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தால் அதுவும் நகருகிற ஜங்கம சொத்து ஆகிவிடும் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். கூட யாரும் சிரிக்காவிட்டாலும் அவருக்குக் குறை கிடையாது.

ஆடி மாதம். பொதிகைப் பக்கமிருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்தது. வெயில் ஒரு நாழிகை அடித்தால் தூற்றல் ஒரு நாழிகை. பதிவுக் கச்சேரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் காகிதத்தின் மேல் கல்லை வைத்திருந்தார்கள். பிள்ளைவாள் மட்டும் கால் கட்டைவிரலால் ஒரு முனையையும் இடது முழங்கையால் மறு முனையையும் அழுத்திக்கொண்டு, ஏதோ ஆசனம் போடுகிறவர் மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். எழுதினது கிரயப் பத்திரம் இல்லை. தம்முடைய அக்காள் மகன் குற்றாலிங்கத்துக்குக் கல்யாண உறுதிமொழி.

குற்றாலிங்கம் ரயில்வேயில் பயர்மேன். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலை ஏறிப் புனலூருக்குப் போகிற வண்டியில் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஏற்றத்தில் அடுப்புக்கு விடாமல் தீனி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புனலூரில் இறங்கும்போது கண்முழி மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். அந்தக் கோலத்திலும் அவனை ஒரு பெண் பார்த்துப் பிடித்துப்போயிருக்கிறது. புனலூர்ப் பெண்பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கிற பங்கஜாட்சி. பாஷையும் வேறு, சாதியும் வேறு. விஷயம் தெரிந்ததும் குற்றாலிங்கத்தின் சித்தப்பா பெரியப்பாமார் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புரோகிதர் வரமாட்டார். ஆகவே சுயமரியாதைக் கல்யாணம். தலைமை தாங்க அச்சாபீஸ் ஆதம் ஒப்புக்கொண்டார். தேதியையும் அவரே குறித்தார், ஆடி பதினாறு. ஆடியில் எவனும் கல்யாணம் பண்ணமாட்டான், குற்றாலத்துச் சத்திரத்தில் மண்டபம் சும்மா கிடக்கும் என்பது அவர் சொன்ன காரணம். மலையாளத்தாருக்கும் அது கர்க்கடக மாதம், அவர்களுக்கும் ஆகாது. இரண்டு வீட்டுத் தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே நாளில் அழுதார்கள்.

இந்தக் கல்யாணத்தில் மந்திரம் இல்லை, அக்கினி இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் சபைக்கு முன்னால் எழுந்து நின்று உறுதிமொழியை வாசிக்க வேண்டும், மாலை மாற்ற வேண்டும், தாளில் கையெழுத்துப் போட வேண்டும், தலைவரும் சாட்சிகளும் கீழே போட வேண்டும். அவ்வளவே. கோர்ட்டுக்குப் போனால் இதைக் கல்யாணம் என்று ஒப்புவார்களா என்பது வக்கீலுக்கே தெரியாத சங்கதி. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் கையில் காட்ட இந்தத் தாள் ஒன்றுதான் உண்டு. அதனால் பிள்ளைவாள் அதைப் பத்திரம் மாதிரியே கெட்டியாக எழுதினார். முதல் நகலில் “இன்னார் குமாரர் இன்ன சாதி இன்ன தொழில்” என்று தொடங்கி, “யாதொரு வில்லங்கமும் இன்றி ஆண்டு அனுபவித்து” என்பது வரை போய்விட்டார். ஆதம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, இது பொண்ணா, புஞ்சையா? நாலெல்லை மட்டும்தான் வே பாக்கி.”

பிள்ளைவாள் சாதியை அடித்தார், வில்லங்கத்தை அடித்தார். மலையாளத்தில் ஆளை அடையாளம் சொல்லத் தகப்பன் பேரைவிட வீட்டுப் பேர்தான் முக்கியம். ஆகவே இரண்டு தாளிலும் இரண்டு பேருக்கும் தாய் பேர், தகப்பன் பேர், வீட்டுப் பேர் மூன்றும் எழுதுவது என்று முடிவாயிற்று. ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பது முதல் வாக்கு. சம்பாத்தியத்திலும் சொத்திலும் சரிபாதி என்பது இரண்டாவது. மற்றவர் உயிரோடு இருக்கையில் வேறு கல்யாணம் இல்லை என்பது மூன்றாவது. சண்டை வந்தால் மூன்றாம் மனுஷர் காதுக்குப் போகுமுன் தங்களுக்குள் பேசிக்கொள்வது நான்காவது. இது ஆதம் சேர்த்தது, அவர் வீட்டு அனுபவம். தமிழை அச்சடித்துத் தருகிறேன் என்றார் ஆதம். மலையாள எழுத்து அவரிடம் இல்லை. ஒரு பாஷை அச்சிலும் ஒரு பாஷை கைப்பிரதியிலும் இருந்தால் ஒன்று பெரிய வீடு, மற்றது சின்ன வீடு என்று ஆகிவிடும் என்று அவரே யோசித்து, இரண்டையும் பிள்ளைவாள் கையாலேயே எழுதச் சொன்னார்.

பிள்ளைவாளுக்கு மலையாளம் சரளம். திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கோட்டையில் பத்து வருஷம் மனு எழுதிப் பிழைத்தவர். ஒரே தாளை இரண்டு பாஷையில் எழுதக்கூடிய ஆள் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். சரிபார்க்க வேறு ஆள் கிடையாது. வினை அங்கேதான் பிடித்தது.

ஐந்தாவது வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. எங்கே குடியிருப்பது?

அக்காள் முத்துவடிவு அதை ஒரு நாள் உளுந்து ஆட்டிக்கொண்டே சொன்னாள். புருஷன் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை. அவனும் வாரத்தில் நாலு நாள் மலைக்கு அந்தப்பக்கம்.

“ஏலே வல்லி, நான் சாதி கேட்டனா? சாமி கேட்டனா? ஆடியில வைக்காவளே, ஒரு வார்த்தை சொன்னனா? ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். அந்தப் பிள்ள இந்த வீட்ல இருக்கணும். அதையும் அந்தத் தாள்ல எழுதிரு. நாலு பேர் முன்னால அத வாசிக்கணும்.”

எழுதிவிட்டால் போயிற்று என்றார் பிள்ளைவாள். அக்காளிடம் அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ‘தென்காசியில் முத்துவடிவு இல்லத்திலேயே வாசம் செய்வோம்’ என்று தமிழ்த் தாளில் ஐந்தாவது வாக்கு ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புனலூருக்கு ரயிலேறினார். பெண்ணின் தாயார் நாணியம்மைக்கு மலையாளத் தாளை வாசித்துக் காட்ட வேண்டும். ஓட்டு வீடு. முற்றத்தில் மிளகுக்கொடி, பின்னால் ஆறு. பிள்ளைவாள் சைவம் என்று யாரோ சொல்லியிருந்ததால் புதுப்பானை வாங்கி அதில் மரவள்ளிக்கிழங்கு அவித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்து வைத்திருந்தாள் அந்தம்மாள். அவர் மூன்று தரம் போட்டுக்கொண்டார். கை கழுவி வந்து உட்கார்ந்து நான்கு வாக்குகளையும் வாசித்தார். நாணியம்மை தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஐந்தாவதை வாசிக்க வாயெடுத்தவரை நிறுத்தினாள்.

“பிள்ளே, இந்த வீட்டில் ஒரே ஒரு பெண்ணே உள்ளு. எங்களில் வீடு பெண்ணினாணு. அவள் போயால் ஞான் இதெ பூட்டணம். அவர் ரண்டு பேரும் இவிடெ தாமசிக்கணம். அதும் எழுதணம்.”

அவர்களில் வீடு பெண்ணுக்குத்தான் சேரும். மருமகன் அங்கே வந்து தங்குவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அவள் பயப்பட்டதெல்லாம் சாத்தின கதவுக்கு. பிள்ளைவாள் கையில் இருந்த தாளைப் பார்த்தார். வயிற்றில் இருந்த கிழங்கையும் நினைத்துக்கொண்டார். அதற்கு என்ன, எழுதிவிட்டால் போயிற்று என்று மலையாளத்தில் சொல்லி, அந்தத் தாளில் ஐந்தாவதைப் புனலூர் வீடு என்று மாற்றிக்கொண்டார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. தொழில் புத்தி அப்படி. விற்கிறவன் வந்தால் விற்கிறவன் சந்தோஷப்படும்படி, வாங்குகிறவன் வந்தால் வாங்குகிறவன் சந்தோஷப்படும்படி பேசியே பழகினவர். அவர் கணக்குப்படி, மாப்பிள்ளை தமிழில் வாசிப்பான், அக்காள் மனம் குளிர்வாள். பெண் மலையாளத்தில் வாசிப்பாள், நாணியம்மை மனம் குளிர்வாள். ஒருத்தி பாஷை மற்றவளுக்குத் தெரியாது. கல்யாணம் கால் மணி நேரம். பிறகு சிறுசுகள் பட்டுத் தேறிக்கொள்ளும். புனலூரிலிருந்து திரும்பும் வழியில், பகவதிபுரம் குகைக்குள் வண்டி இருட்டில் போனபோது, தம்மை மாதிரிக் கெட்டிக்காரன் யாரும் இல்லை என்று அவர் நினைத்தார். வெளிச்சம் வந்ததும் அவ்வளவு நிச்சயமாக இல்லை.

அப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், பிள்ளைவாள் விரித்திருந்த பாய்க்கு எதிரே ஆதம் வந்து குந்தினார். அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. வாக்கு கொடுக்கிறவன் பாஷையில் இருந்து என்ன பிரயோசனம், வாங்கிக்கொள்கிறவர் பாஷையில் அல்லவா இருக்க வேண்டும்? மாப்பிள்ளை மலையாளத்தில் சொல்லட்டும், பெண் தமிழில் சொல்லட்டும். பங்கஜாட்சிக்குக் கடுதாசி போட்டாயிற்று, அவளும் ரொம்பச் சந்தோஷம் என்று பதில் எழுதிவிட்டாள். மாப்பிள்ளைக்கு மலையாளம் காதில் ஏறும், எழுத்துத் தெரியாது. பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. எனவே மலையாள வாக்கைத் தமிழ் எழுத்திலும் தமிழ் வாக்கை மலையாள எழுத்திலும் பெயர்த்து எழுதித் தர வேண்டியது.

“ரொம்ப அருமையான யோசனை” என்றார் பிள்ளைவாள். இனி மாப்பிள்ளை வாயில் புனலூர் வரும், பெண் வாயில் தென்காசி வரும்.

இரண்டு தாளையும் எதிரெதிரே வைத்து எழுதினார். ‘ஞான் நின்னெ என்டெ ஜீவித பங்காளியாயி ஸ்வீகரிக்குந்நு’ என்று தமிழ் எழுத்தில் எழுதும்போது கை நன்றாகத்தான் ஓடியது. ஐந்தாவதுக்கு வந்ததும் பேனா நின்றது. மாற்றிவிடலாம். ஆனால் எதை எதற்கு மாற்றுவது? இரண்டு தாய்க்கும் எழுதுவதாகச் சொல்லியாகிவிட்டது. ஒன்றை மாற்றினால் ஒருத்தியிடம் போய் நிற்க வேண்டும். இரண்டையும் மாற்றினால் இரண்டு பேரிடமும். பேனா மை தொட்டுத் தொட்டு உலர்ந்தது. கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதி முடித்தார். அந்த மூன்று நாளும் மனுஷர் சோற்றைப் பிசைந்தாரே தவிரச் சாப்பிடவில்லை. எழுதின இரண்டு கிரயப் பத்திரத்தில் கிழக்கு எல்லையை மேற்கே போட்டார்.

ஆடி பதினாறு காலையில் குற்றாலத்தில் சாரல் பன்னீர் தெளிக்கிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அருவி இரைச்சல் மண்டபத்துக்குள் விடாமல் கேட்டது. குளித்துவிட்டு ஈரத்துண்டோடு போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மேஜை, நாலு நாற்காலி, தாம்பாளத்தில் இரண்டு சம்பங்கி மாலை. மாப்பிள்ளை பக்கம் பதினொரு பேர், அதில் ஏழு பேர் ரயில்வே. பெண் பக்கம் ஒன்பது பேர். முத்துவடிவும் நாணியம்மையும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டு, மேலே என்ன செய்வது என்று தெரியாமல் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைவாள் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார். நாற்காலியில் முள் இருக்கிறதா என்று ஆதம் கேட்டார்.

குற்றாலிங்கம் வந்து அவர் தோளைத் தொட்டான். “மாமா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க.”

பின்கட்டு அறையில் பங்கஜாட்சி நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, மலையாள வழக்கப்படி வெள்ளை வேட்டி, மேல்துணி. ஒருவருக்கு ஒருவர் உச்சரிப்புச் சரிபார்க்கலாம் என்று இருவரும் தாளை வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு வாக்கு வரை சிரிப்பும் விளையாட்டுமாகப் போயிருக்கிறது. அவள் இரண்டு தாளையும் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

“மாமா, இவர் வாசிச்சா நாங்க புனலூர்ல தாமசம். நான் வாசிச்சா தென்காசியில தாமசம். ஞங்கள் ரண்டும் எவிடெ போவும்? ரயில்ல தாமசிக்கவோ?”

குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பிள்ளைவாள் தம் தரப்பை எடுத்துச் சொன்னார். தாய்மார் மனசு நோகக் கூடாது, இன்றைக்கு ஒரு பொழுது ஓடிவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை, அடுத்த வருஷம் ஒரு பிள்ளை பிறந்தால் இதெல்லாம் யார் நினைக்கப் போகிறார்கள் என்று வரிசையாக அடுக்கினார். குற்றாலிங்கம் சுவரைப் பார்த்தான். அவனுக்கும் அது வசதியாகத்தான் பட்டது போலிருக்கிறது.

“மாமா சொல்லுதது ஒரு வகையில சரிதான், பங்கஜம். இப்போ போய்…”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“வேற கல்யாணம் இல்லன்னு மூணாவதுல வாக்கு சொல்லுதீங்க. அஞ்சாவது பொய்யாச்சுன்னா அந்த மூணாவதெ ஞான் எங்ஙனெ நம்பும்?”

அவள் இரண்டு தாளையும் பிள்ளைவாள் கையில் திணித்தாள். பத்திரத்தில் கையெழுத்து வாங்குமுன் உரியவர்களுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம்தானே என்று கேட்டாள். வழக்கம்தான் என்றார். அப்படியானால் தமிழ்த் தாளில் உள்ளதைத் தன் தாயாருக்கு மலையாளத்திலும், மலையாளத் தாளில் உள்ளதை அத்தைக்குத் தமிழிலும் சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிற்பகல் வண்டிக்குத் தாயும் மகளும் திரும்பிவிடுவார்கள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதனாலேயே அது நடக்கும் என்று பிள்ளைவாளுக்குத் தெரிந்தது. மருமகன் முகம் கரி அள்ளாமலே கறுத்துப்போயிருந்தது. அந்த முகத்துக்காகத்தான் அவர் சரி என்றார்.

சபைக்கு முன்னால் நின்றபோது, சார்பதிவாளருக்கு முன்னால் பொய்ச்சாட்சி சொல்ல வந்து மாட்டிக்கொண்டவன் எப்படி நிற்பான் என்பதை அவர் தம் காலிலேயே தெரிந்துகொண்டார். இரண்டு தாளும் ஒன்று அல்ல, இரண்டு விதமாக எழுதினது தாம்தான், குற்றமும் தம்முடையதுதான் என்று தமிழில் சொன்னார். மலையாளத்தில் சொன்னார். பிறகு ஐந்தாவது வாக்குகளை மாற்றி வாசித்தார்.

ரயில்வேக்காரர்களில் ஒருவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். முத்துவடிவு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ அந்தம்மாளும் நான் கேட்டதத்தான் கேட்டிருக்கா.”

“ஆமாக்கா.”

“நீ ரெண்டு பேரையும் புத்தி கெட்ட கோட்டிக்காரின்னு நெனச்சிருக்க.”

அவர் பதில் சொல்லுமுன் நாணியம்மை மலையாளத்தில் கிட்டத்தட்ட அதையே கேட்டாள். அதையும் அக்காளுக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. முத்துவடிவு திரும்பி நாணியம்மையைப் பார்த்தாள். இவன் சின்ன வயசிலேயே இப்படித்தான், அம்மைக்கு ஒன்று சொல்லுவான், அய்யாவுக்கு ஒன்று சொல்லுவான், இதை அவளிடம் சொல்லு என்றாள். சொன்னார். தன் வீட்டுக் கிழங்கை மூன்று தரம் வாங்கித் தின்றுவிட்டுத்தான் இந்த வேலையைப் பார்த்தான் என்று சொல்லு என்றாள் நாணியம்மை. அதையும் சொன்னார். சம்பந்தக்காரிகள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சே அவரைப் பற்றிய வசவு. அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இரு பக்கமும் எடுத்துக் கொடுத்தார். ஜன்மத்திலேயே அவர் சுத்தமாகச் செய்த மொழிபெயர்ப்பு அதுதான்.

வசவு தீர்ந்தது. முத்துவடிவு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு வேற பிள்ள கிடையாதான்னு கேளு.”

கேட்டார். இல்லை. உங்களுக்கோ என்று கேட்கச் சொன்னாள் நாணியம்மை. இவன் ஒருத்தன்தான் என்று முத்துவடிவு மகனைக் காட்டி ஒற்றை விரலை நீட்டினாள். அதற்குப் பெயர்ப்புத் தேவைப்படவில்லை, நாணியம்மை அந்த விரலிலேயே புரிந்துகொண்டாள். வண்டி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று முத்துவடிவு மகனைக் கேட்டாள். அவன் சொன்னான். அவ்வளவுதானா என்றும் அவள் சொல்லவில்லை, அவ்வளவா என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து தம்பி கையிலிருந்த தாளில் தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அந்த அஞ்சாவத எடுத்துரு. ரெண்டுலயும்.”

நாணியம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

கல்யாணத் தாளில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது, புதிதாக எழுதும் என்று ஆதம் சொல்லிவிட்டார். சபை காத்திருந்தது. பிள்ளைவாள் மேஜையில் உட்கார்ந்து நாலு வாக்குகளையும் இரண்டு பாஷையிலும் எழுதினார். இந்தத் தடவை தமிழ்த் தாளில் ஒரு வரி, மலையாளத் தாளில் அதே வரி என்று மாற்றி மாற்றி எழுதினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் குனிந்து தத்தம் எழுத்தை வாசித்து ஒப்பிட்டுக்கொண்டார்கள். நாலாவது முடிந்ததும் தலையை நிமிர்த்தி, ஐந்தாவதாக நீங்கள் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குற்றாலிங்கம் ஏதோ சொல்ல வந்தான். பங்கஜாட்சியும் அதே சமயம் வாயெடுத்தாள். இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

“ஞங்கள் இனியும் பேசணும்” என்றாள் அவள். “இடம் விட்டிருங்க.”

பழைய பெயர்ப்புத் தாளைப் பார்த்து நாலாவது வரை வாசிப்பு நடந்தது. குற்றாலிங்கம் மலையாளத்தில் வியர்த்து வழிந்துகொண்டே வாசித்தான். மலை ஏற்றத்தில்கூட அவன் இப்படி வியர்த்ததில்லை என்று டிரைவர் பின்னால் சொன்னார். பங்கஜாட்சி தமிழை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் கீழே விழாமல் எடுத்து வைக்கிற மாதிரி சொன்னாள். மாலை மாற்றிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள். ஆதம் போட்டார்.

சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்த பிள்ளைவாளின் கை, நாலாவது வாக்குக்குக் கீழே விட்டிருந்த வெற்று இடத்துக்குத் தானாகப் போயிற்று. பத்திரத்தில் ஓர் அங்குலம் வெறுமையாகக் கிடந்தாலும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். பிறகு எவனாவது எதையாவது புகுத்திவிடுவான். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோடு போடாமல் அவர் ஒரு தாளையும் கையை விட்டு அனுப்பினதில்லை. முனை தாளைத் தொடப்போனது. பங்கஜாட்சி உள்ளங்கையை விரித்து அந்த இடத்தின் மேல் வைத்தாள்.

“அதில் ஒண்ணும் வேண்டா, மாமா.”

அவர் பேனாவைக் கீழே இறக்கி, ஓரத்தில் தம் பேரை எழுதினார். இரண்டு தாளிலும்.

காற்றில் ஈரம் இருந்ததால் மை காயவே மாட்டேன் என்றது. ஒற்றும் தாளைத் தேடி அவர் பெட்டியைக் குடைந்துவிட்டு நிமிர்ந்தபோது, முன்வரிசையில் நாணியம்மை ஒரு தாளை மடியில் பரத்தி மேல்துணி முனையால் விசிறிக்கொண்டிருந்தாள். அது தமிழ்த் தாள். முத்துவடிவு மற்றதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காய்ச்சின பாலை ஆற்றுகிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தாள்.